எக்கோ, இன்டென்சிவ், குயிக், ஆட்டோ: டிஷ்வாஷரில் எதை எப்போது போடுவது?

வீவக வீட்டுச் சமையலறையில் டிஷ்வாஷர் வாங்கி வைத்த நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. இங்கே சொல்லியிருக்கும் அளவுகள் 13, 14 செட் கொள்ளும் 60 சென்டிமீட்டர் மெஷின்களுக்குப் பொதுவாகப் பொருந்துபவை. உங்கள் மாடலின் சரியான எண்கள் அதன் கையேட்டில் ஓர் அட்டவணையாக இருக்கும். 45 சென்டிமீட்டர் மெஷினுக்கும் மேசைமேல் வைக்கும் சின்ன மெஷினுக்கும் அளவுகள் குறையும், ஆனால் கணக்கு இதேதான்.

எக்கோ போட்டால் மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. இவ்வளவு நேரம் ஓடும் மெஷின் எப்படிக் கரண்டை மிச்சப்படுத்தும்?

டிஷ்வாஷரில் கரண்டைக் குடிப்பது ஓட்டம் அல்ல, சூடு. தண்ணீரைச் சுழற்றி அடிக்கும் பம்ப் ஒரு பழைய குண்டு பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் ஏறக்குறைய 2000 வாட். ஹீட்டர் எத்தனை நிமிடம் எரிந்தது என்பதுதான் பில்லைத் தீர்மானிக்கிறது, பம்ப் எத்தனை மணி நேரம் சுற்றியது என்பது அல்ல.

எக்கோவில் கழுவும் தண்ணீர் 50 டிகிரி வரைதான் போகும். சூட்டில் குறைத்ததை நேரத்தில் ஈடுகட்டுகிறார்கள். அடிபிடித்த சோற்றுப் பானையில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் தானே கழன்று வருகிறதல்லவா, அந்த வேலைதான் இங்கேயும் நடக்கிறது. நடுநடுவே மெஷின் சத்தமே இல்லாமல் நிற்கும். கெட்டுப்போய்விட்டதோ என்று கதவைத் திறந்து பார்க்க வேண்டாம், அது ஊறவைக்கும் நேரம்.

கழுவுதல் என்பதே நான்கு விஷயங்களின் கூட்டு என்று ஹெர்பர்ட் சின்னர் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1959ல் சொன்னார்: சோப்பு, சூடு, நேரம், விசை. ஒன்றைக் குறைத்தால் மற்றதைக் கூட்ட வேண்டும். எக்கோ சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறது. குயிக் நேரத்தைக் குறைக்கிறது. இன்டென்சிவ் சூட்டையும் விசையையும் தண்ணீரையும் ஒருசேரக் கூட்டுகிறது. ஆட்டோ என்பது அழுக்கைப் பார்த்து இந்தக் கலவையைத் தானே முடிவு செய்யும் புரோகிராம். பட்டனில் எழுதியிருக்கும் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனால் பெயரைவிட, பக்கத்தில் போட்டிருக்கும் டிகிரியையும் நிமிடத்தையும் பார்ப்பது நல்லது.

கணக்காகச் சொல்லுங்கள். எக்கோவுக்கும் இன்டென்சிவுக்கும் காசில் எவ்வளவு வித்தியாசம்?

எக்கோவுக்கு முக்கால் யூனிட்டிலிருந்து ஒரு யூனிட் வரை ஆகும். இன்டென்சிவுக்கு 1.3லிருந்து 1.6 யூனிட். ஒரு யூனிட் மின்சாரம் சுமாராக 30 காசு என்று வைத்துக்கொண்டால் எக்கோ ஒரு ஓட்டத்துக்கு 25 காசைச் சுற்றி, இன்டென்சிவ் 40, 45 காசு.

தண்ணீரில் எக்கோ 10 லிட்டர் என்றால் இன்டென்சிவ் 14 லிட்டர் என்ற கணக்கில் வரும். 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 40 கனமீட்டர் வரை, ஒரு கனமீட்டர் தண்ணீர் 3 வெள்ளி 24 காசு. ஒரு கனமீட்டர் என்பது 1000 லிட்டர். அதனால் அந்தக் கூடுதல் 4 லிட்டருக்கு ஒரு காசு சொச்சம்தான். தண்ணீரைச் சேமிக்கிறேன் என்று தினமும் புரோகிராமை மாற்றிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பில்லில் தெரிவது சூடுதான்.

தினமும் ஒரு ஓட்டம் என்றால் மாதம் ஐந்து வெள்ளிதான் வித்தியாசம். அதனால் இன்டென்சிவைக் கண்டு பயப்படவும் வேண்டாம், தேவையில்லாமல் தினமும் போடவும் வேண்டாம். பணத்தைவிடப் பெரிய காரணம் வேறு இருக்கிறது. 70 டிகிரியில் தினமும் வெந்தால் கண்ணாடி டம்ளர் நாளடைவில் மங்கும், தட்டின் பூவேலை வெளுக்கும்.

கையேட்டில் உள்ள எண்கள் ஐரோப்பாவில் எடுத்தவை. நம் ஊருக்குப் பொருந்துமா?

சூடாக்கும் செலவு நமக்குக் கொஞ்சம் குறைவாகவே வரும். ஐரோப்பிய சோதனையில் மெஷினுக்குள் போகும் தண்ணீர் 15 டிகிரி. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே 28 டிகிரியை ஒட்டித்தான் வருகிறது. அங்கே 50 டிகிரிக்குப் போக 35 டிகிரி ஏற்ற வேண்டும், இங்கே 22 டிகிரி போதும். ஒரு கட்டத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் அங்கே 0.16 யூனிட், இங்கே 0.1 யூனிட். இது தண்ணீருக்கு மட்டும். உள்ளே இருக்கும் எவர்சில்வரும் பீங்கானும் தொட்டியும் கூடச் சூடாக வேண்டும் என்பதால் மொத்தச் செலவு இதைவிட அதிகம். ஆனால் அவையும் நம் சமையலறையில் வெதுவெதுப்பாகவே இருக்கின்றன.

ஆட்டோ என்று ஒன்று இருக்கும்போது மற்றதெல்லாம் எதற்கு? சென்சார்தான் பார்த்துக்கொள்ளுமே?

சென்சார் என்ன பார்க்கிறது என்று தெரிந்தால் இதற்கு விடை கிடைத்துவிடும். அது பாத்திரத்தைப் பார்ப்பதில்லை, தண்ணீரைப் பார்க்கிறது.

மெஷினின் அடியில், தண்ணீர் வந்து சேரும் இடத்தில், ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியை உணரும் கண் ஒன்று. இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடும். தண்ணீர் தெளிவாக இருந்தால் ஒளி நேராகப் போய்ச் சேரும், கலங்கியிருந்தால் சிதறும். முதல் அலசல் ஓடும்போது மெஷின் இதை அளந்து பார்க்கிறது. தெளிவாக இருந்தால் அந்தத் தண்ணீரை வெளியேற்றாமல் அதையே முக்கியக் கழுவலுக்கும் பயன்படுத்தும். அங்கேயே மூன்று, நான்கு லிட்டர் மிச்சம். கலங்கியிருந்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து, சூட்டையும் நேரத்தையும் ஏற்றும். ஆட்டோ பட்டனில் 45–65 என்று ஓர் இடைவெளி போட்டிருப்பது இதனால்தான். முதலில் ஒன்றரை மணி என்று காட்டிவிட்டு அரை மணி கழித்துத் திடீரென்று இரண்டேகால் மணி என்று மாற்றிக் காட்டினால், தண்ணீர் கலங்கல் என்று கண்டுகொண்டுவிட்டது என்று அர்த்தம்.

இதில் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. ஒன்று, கடாயின் அடியில் கருகி ஒட்டிய வெங்காய மசாலா தண்ணீரில் கரையாது. கரையாததைச் சென்சார் பார்க்க முடியாது. மெஷினைப் பொறுத்தவரை தண்ணீர் தெளிவு, வேலை சுலபம். மிதமான சூட்டில் முடித்துவிடும், கருகல் அப்படியே இருக்கும். மற்றது இதற்கு நேர் எதிர். டம்ளரில் மீந்த மோரையோ, கிண்ணத்தில் கஞ்சியையோ கொட்டாமல் அப்படியே வைத்தால் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கும். பயங்கர அழுக்கு என்று நினைத்து, இரண்டு நிமிடத்தில் போகக்கூடிய மோருக்காக 65 டிகிரி வரை ஏற்றிவிடும்.

ஆக ஆட்டோ எப்போது பொருந்தும் என்றால், இன்றைக்கு என்ன அழுக்கு உள்ளே போகிறது என்று நமக்கே சொல்ல முடியாத கலவையான சுமைக்கு. காலை இட்லித் தட்டும் மதியச் சாப்பாட்டுத் தட்டும் சாயங்கால டீக் கோப்பையும் ஒன்றாகக் கிடக்கும் நாட்களுக்கு அதைவிட நல்லது இல்லை.

குழாயடியில் நன்றாக அலசிவிட்டுத்தான் அடுக்க வேண்டும் என்கிறார் மாமியார். சரியா?

மாமியார் சொல்வதில் பாதி சரி. எலும்பு, முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலை, சோற்றுப் பருக்கை எல்லாவற்றையும் வழித்துக் கொட்டிவிட்டுத்தான் அடுக்க வேண்டும். தண்ணீரில் அலச வேண்டியதில்லை.

அலசினால் தண்ணீர் வீணாவது ஒரு பக்கம். ஆட்டோவில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. எளிதில் கரையும் குழம்பையெல்லாம் நீங்களே குழாயில் கழுவி அனுப்பிவிட்டீர்கள். பாத்திரத்தில் மிச்சம் இருப்பது காய்ந்த மாவும் எண்ணெய்ப் படலமும். தண்ணீரோ தெளிவாக இருக்கிறது. சென்சார் ஏமாந்து சூட்டைக் குறைக்கிறது, ஒட்டியது ஒட்டியபடி வெளியே வருகிறது. "இவ்வளவு அலசி வைத்தும் சரியாகக் கழுவவில்லை" என்ற புகார் பல வீடுகளில் இப்படித்தான் பிறக்கிறது.

அதோடு சோப்பில் உள்ள என்சைம்களின் வேலையே மாவுச்சத்தையும் புரதத்தையும் உடைப்பதுதான். அவற்றுக்குக் கொஞ்சம் அழுக்கு இருந்தால் நல்லதே.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்து மட்டன் குழம்பு சாப்பிட்டு முடித்தால் எதைப் போடுவது?

ஒரு சுமையை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேர் சாப்பிட்ட தட்டுகள், முட்டை உரித்த கிண்ணம், மட்டன் குழம்பு வைத்த எவர்சில்வர் சட்டி, மசாலா வதக்கி அடி கருகிய ஒரு கடாய், பாயசக் கப்புகள், டம்ளர்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு முடிந்தது, பேசிக்கொண்டிருந்ததில் மெஷினை நிரப்பும்போது நான்கு மணி. தட்டில் சோறு காய்ந்துவிட்டது.

முதலில் கொழுப்பைப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியிலேயே உருகும், நம் குழாய்த் தண்ணீரிலேயே திரவமாகத்தான் இருக்கும். நெய் உடம்புச் சூட்டில் உருகிவிடும். ஆட்டுக் கொழுப்பு அப்படி இல்லை, 45 டிகிரிக்கு மேலே போனால்தான் முழுதாக உருகும். ஆகவே 45 டிகிரி குயிக் இந்தச் சுமைக்கு ஆகாது. கொழுப்பைத் தட்டிலிருந்து எடுத்து டம்ளரில் மெழுகாகப் பூசிவிடும்.

அடுத்து, காய்ந்த சோறும் முட்டையும். இவற்றுக்குச் சூட்டைவிட ஊறும் நேரம் முக்கியம். முட்டையை எடுத்த எடுப்பில் கொதிக்கும் தண்ணீரில் காட்டினால் வெந்து இன்னும் இறுகும். எக்கோவில் தண்ணீர் மெல்லச் சூடாவதும் நீண்ட நேரம் ஊறுவதும் இவற்றுக்கு மிகவும் பொருத்தம்.

இப்போது இந்தச் சுமையில் இடிப்பது அந்தக் கடாய் ஒன்றுதான். அதுவும் உள்ளே போக வேண்டும் என்றால் இன்டென்சிவ். கருகல் பக்கம் கீழ்நோக்கிக் கவிழ்த்து, கீழ்த் தட்டில், தண்ணீர் அடிக்கும் கைக்கு நேராக வையுங்கள். கதவைச் சாத்தும் முன் அந்தக் கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், கடாயின் பிடியில் இடித்தால் சுற்றாது. முன்கழுவலுக்குச் சோப்பு போட இடம் இருந்தால் ஒரு தேக்கரண்டிப் பவுடர் அங்கேயும் போடலாம். இல்லையென்றால் கதவின் உட்புறத்தில் தூவினாலும் போதும். மெஷினில் கீழ்த் தட்டுக்கு மட்டும் வேகத்தைக் கூட்டும் பட்டன் இருந்தால் அதையும் அழுத்துங்கள்.

என்னைக் கேட்டால் கடாயை வெளியே எடுத்துவிடுவேன். ஆறேழு தட்டு வைக்கக்கூடிய இடத்தை அது ஒன்றே அடைத்துக்கொள்கிறது. விருந்தாளிகள் சாப்பிடும்போதே அதில் சுடுதண்ணீரும் கொஞ்சம் டிஷ்வாஷர் பவுடரும் போட்டு ஊறவைத்தால், நான்கு மணிக்கு மரக்கரண்டியால் சுரண்டினாலே வந்துவிடும். பவுடர் கையை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அலுமினியக் கடாயாக இருந்தால் இந்தப் பவுடர் வேண்டாம், கறுத்துவிடும். கடாய் போய்விட்டால் மீதிச் சுமைக்கு எக்கோ தாராளமாகப் போதும். ஏழு மணிக்கே ராத்திரிச் சாப்பாட்டுக்குத் தட்டு வேண்டும் என்றால் மட்டும் ஆட்டோ.

முடிந்த பிறகு கீழே உள்ள ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். நம் சமையலில் அங்கே அதிகம் சிக்குவது கடுகு. ஃபில்டரைத் திருகிச் சரியாகப் பூட்டாமல் விட்டால் கடுகு உள்ளே நுழைந்து, தண்ணீர் பீச்சும் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும். மேல் தட்டில் ஒரே மூலையில் உள்ள டம்ளர்கள் மட்டும் அழுக்காக வருகின்றனவா? எந்தப் புரோகிராமை மாற்றினாலும் அது சரியாகாது. தண்ணீர் அடிக்கும் கையைக் கழற்றி, பல்குத்தும் குச்சியால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள்.

குயிக் அரை மணியில் முடிகிறதே, தினமும் அதையே போட்டால் என்ன?

கரண்டும் மிச்சமாகாது. 30 நிமிடத்துக்குள் 45 டிகிரிக்குப் போக ஹீட்டர் எரிந்துதான் ஆக வேண்டும். பல மெஷின்களில் இதன் செலவு எக்கோவுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. மிச்சமாவது நேரம் மட்டுமே. பெரும்பாலான மெஷின்களில் உலர்த்தும் கட்டமும் இதில் கிடையாது.

டீக் கோப்பை, தண்ணீர் டம்ளர், கேக் தட்டு போன்றவற்றை, உபயோகித்த கொஞ்ச நேரத்துக்குள் கழுவுவதற்கு இது நல்லது. தீபாவளியன்று திறந்த வீட்டில் விருந்தாளிகள் வந்துகொண்டே இருக்கும்போது டம்ளர்களைத் திரும்பத் திரும்பக் கழுவ இதைவிட உதவியானது இல்லை. அந்த நாளில் மாத்திரைக்குப் பதில் பவுடரோ ஜெல்லோ போடுங்கள். பல மாத்திரைகள் அரை மணிக்குள் முழுதாகக் கரைவதில்லை. கதவைத் திறக்கும்போது சோப்புப் பெட்டியில் பாதி மாத்திரை களியாக ஒட்டிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்.

தினமும் குயிக் போடும் வீடுகளில் சில மாதங்களில் ஒரு வாடை கிளம்பும். உருகாத கொழுப்பு அடித்தொட்டியிலும் வடிகுழாயிலும் படிந்துகொண்டே போவதால் வருவது அது. மாதம் ஒருமுறையாவது இன்டென்சிவ் ஓட்டினால் அந்தப் படிவு கரைந்து போகும்.

சில மெஷின்களில் 65 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடும் இன்னொரு குயிக் இருக்கும். அது வேறு ரகம். எண்ணெய்ப் பிசுக்குள்ள, ஆனால் காயாத சுமைக்கு நன்றாகவே கழுவும், கரண்டும் நன்றாகவே இழுக்கும்.

மஞ்சள் கறை போகவே மாட்டேன் என்கிறது. இன்டென்சிவ் போட்டால் போகுமா?

பீங்கானிலும் எவர்சில்வரிலும் போகும், அதுவும் இன்டென்சிவ் தேவைப்படாமலே. பிளாஸ்டிக் டப்பாவில் போகாது. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரைந்து பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. சூடு ஏற ஏற இன்னும் ஆழமாக இறங்குமே தவிர வெளியே வராது. இந்த நிறத்துக்கு வெளிச்சம் ஆகாது. கழுவிய டப்பாவைத் துணி காயப்போடும் பக்கம் வெயிலில் ஒன்றிரண்டு நாள் வைத்தால் வெளுத்துவிடும்.

சோப்பையும் கவனியுங்கள். மாத்திரையிலும் பவுடரிலும் வெளுக்கும் பொருள் இருக்கும், அது 50 டிகிரியை ஒட்டித்தான் நன்றாக வேலை செய்யத் தொடங்கும். ஜெல்லில் பெரும்பாலும் அது இருக்காது. டீக்கறை, மஞ்சள் கறை அதிகம் உள்ள வீட்டுக்கு ஜெல் சரிப்பட்டு வராது.

எக்கோ முடிந்தும் பாத்திரம் ஈரமாகவே இருக்கிறது. மெஷினில் கோளாறா?

கோளாறு இல்லை. கடைசி அலசலில் பாத்திரம் எவ்வளவு சூடாகிறதோ அந்தச் சூட்டில்தான் ஈரம் ஆவியாக வேண்டும். எக்கோவில் அந்தச் சூடு குறைவு, வெளிக்காற்றிலும் ஈரப்பதம் அதிகம். பீங்கான் கனமாக இருப்பதால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு காய்ந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பா எந்தப் புரோகிராமிலும் ஈரமாகத்தான் வரும். கடைசி அலசலில் சேரும் ரின்ஸ் எய்ட் திரவம் தீர்ந்திருக்கிறதா பாருங்கள், பாதிப் புகார் அதில் முடிந்துவிடும்.

முடிந்ததும் கதவு தானாகத் திறக்கும் வசதி நம் ஊருக்கு மிகவும் உதவும். அந்த வசதி இல்லாத மெஷினில் முடிந்து பத்து நிமிடம் கழித்து நீங்களே முழுதாகத் திறந்து விடுங்கள். கொஞ்சமாகத் திறந்து வைத்தால் ஆவி நேராக மேலே உள்ள பலகையின் அடியில் அடித்து, லேமினேட் ஊதிக்கொள்ளும்.

இருவர்தான் இருக்கிறோம். மெஷின் நிரம்ப இரண்டு நாளாகிறது. அதுவரை அழுக்குப் பாத்திரம் நாறாதா?

நாறும், கரப்பானும் வரும். அதற்குத்தான் முன்அலசல் என்ற புரோகிராம் இருக்கிறது. சோப்பு போடாமல் பச்சைத் தண்ணீரில் கால் மணி நேரம், சுமார் நான்கு லிட்டர், கரண்ட் செலவு கிட்டத்தட்ட இல்லை. ராத்திரி அதைப் போட்டுவிட்டு, மறுநாள் நிரம்பியதும் எக்கோ போடுங்கள். கீழ்த் தட்டுக்கு மட்டும் என்று சொல்லும் பாதிச் சுமைப் பட்டன் தண்ணீரையும் கரண்டையும் பாதியாக்காது. இரண்டு பாதி ஓட்டங்களைவிட ஒரு முழு ஓட்டம் எப்போதும் மலிவு.

எந்தப் புரோகிராமிலும் போடக்கூடாதது எது?

அலுமினிய இட்லித் தட்டு கறுத்துப்போகும். இரும்புத் தோசைக்கல் பழக்கிய எண்ணெய்ப் பூச்சை இழந்து துருப்பிடிக்கும். பித்தளைக் குத்துவிளக்கு, வெண்கல உருளி, மரக்கரண்டி ஆகியவையும் வெளியேதான். எவர்சில்வர் இட்லித் தட்டை எக்கோவில் தாராளமாகப் போடலாம், தட்டுகளைத் தண்டிலிருந்து கழற்றித் தனித்தனியாக நிறுத்தி வைத்தால்.